கருப்பு மருதாணி இலையிலிருந்து வருவதா?

"கருப்பு மருதாணியும் இயற்கை இலைதான். அரை மணி நேரத்தில் பிடிக்கும், பக்கவிளைவே இல்லை. கல்யாணத்துக்கு முந்தைய நாள் போட்டாலும் போதும்."

தவறு. மருதாணி இலையில் இருக்கும் சாயத்தின் பெயர் லாசோன். அது தோலில் மெதுவாகத்தான் ஊறும். ஆடி மாதத்தில் இலையைக் கொட்டைப்பாக்கோடு அரைத்து, விரல்களுக்குத் தொப்பி வைத்துத் தூங்கியவர்களுக்கு இது தெரியும். காலையில் உதிர்த்தால் முதலில் ஆரஞ்சு நிறம்தான். காற்றுப்பட்டு ஒன்றிரண்டு நாளில்தான் அது கருஞ்சிவப்பாகும். அதனால்தான் மணப்பெண்ணுக்கு இரண்டு நாள் முன்பே போடுகிறார்கள். உள்ளங்கையில் தோல் தடிமன், அங்கே நன்றாகச் சிவக்கும். முழங்கைப் பக்கம் வெளிறித்தான் இருக்கும்.

அரை மணியில் கன்னங்கரேலென்று பிடித்தால், அதில் பெரும்பாலும் கலந்திருப்பது பிபிடி. ஹேர் டையில் போடும் ரசாயனம். தோலில் பூச அது ஏற்றதல்ல. சிலருக்கு உடனே ஒன்றும் ஆகாது, அதுதான் வம்பு. சில நாள் கழித்து பூ, கொடி என்று வரைந்த கோட்டின் மேலேயே அரிப்பும் கொப்புளமும் வரும், தழும்பும் நிற்கலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிற்பாடு ஹேர் டை போட்டாலும் முகம் வீங்கலாம்.

கோன் வாங்கும்போது ஒரு துளி பிதுக்கிப் பாருங்கள். நல்ல மருதாணி பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும், இலை வாசனை வரும். விழுது மைபோல் கருப்பாக இருந்தால் வேண்டாம். பச்சையாக இருப்பதாலேயே சுத்தம் என்றும் நம்பிவிட முடியாது; எத்தனை மணி நேரம் வைக்க வேண்டும் என்று கேளுங்கள்.