பேண்ட்விட்த் இருக்கா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

அந்தப் பதிவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நேற்று ராத்திரியிலிருந்து ஆளாளுக்கு அதை எனக்கே அனுப்பி, சிரித்துக் கண்ணீர் விடும் பொம்மையையும் கூடவே போட்டுக்கொண்டிருக்கிறார்கள். டீம் மீட்டிங்கில் லீட் கேட்டாராம், “இந்த வாரம் உனக்கு பேண்ட்விட்த் இருக்கா?” புதிதாகச் சேர்ந்த பெண் சொன்னாளாம், “இருக்கு சார், ஃபைபர் லைன்தான், 100 எம்பிபிஎஸ்.” அந்தப் பெண் என் அக்கா மகள். காரைக்குடியில் செக்காலை ரோட்டுப் பக்கம் வீட்டில் உட்கார்ந்து சென்னை கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். சிரித்தவர்கள் பட்டியலில் என் நண்பர்கள் சிலரும் இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ரேடியோக்காரர்கள் ஒரு அலைவரிசையின் அகலத்தை ஹெர்ட்ஸில் அளந்து அதற்கு வைத்த பெயர் அது. அப்புறம் கம்ப்யூட்டர் லைனின் வேகத்துக்கு வந்தது. மனுஷனுக்கு நேரம் இருக்கிறதா என்று கேட்க அதை எடுத்துக்கொண்டது கடைசியில்தான். அவள் சொன்ன பதிலில் தப்பு எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. சரி, அது போகட்டும்.

நான் இருபது வருஷத்துக்கு மேல் ஆபீஸ் வேலை பார்த்தவன். இந்த மாதிரிச் சொற்களைக் கேட்டே காது மரத்துப்போனவன். அந்த அனுபவத்தில் ஒன்றே ஒன்றைத்தான் சொல்கிறேன்: இந்தச் சொற்களில் ஆள் இருக்க மாட்டார், தேதி இருக்காது. யார் செய்வது, என்றைக்குள் செய்வது, அதற்காக எந்த வேலையை விடுவது என்ற மூன்றையும் மழுப்பத்தான் இவை பயன்படுகின்றன. புதிதாக வந்த பிள்ளை அந்த மூன்றையும் தானாகக் கேட்டு வாங்க வேண்டும். அதை யாரும் சொல்லித்தருவதில்லை, சிரிக்க மட்டும் வந்துவிடுகிறார்கள்.

மீட்டிங்கில் எல்லாரும் சிரித்ததோடு கதை முடியவில்லை. பதிவு போட்டவர் மிச்சத்தை எழுதவில்லை, நான் எழுதுகிறேன்.

பேண்ட்விட்த் இருக்கா என்பது ஆம், இல்லை என்று பதில் சொல்லும் கேள்வியே இல்லை. உனக்கு இன்னொரு வேலை வருகிறது என்ற அறிவிப்பு அது, மரியாதைக்காகக் கேள்வி மாதிரி இருக்கிறது. ‘இருக்கு’ என்றால் வேலை உன் தலையில். ‘இல்லை’ என்றால் புதுப்பெண்ணுக்கு ஆர்வம் இல்லை என்று பெயர். அதனால் இரண்டையும் சொல்லக் கூடாது. கையில் இருப்பதைச் சொல்ல வேண்டும். “சார், இந்த வாரம் இன்வாய்ஸ் பதிவு புதன் வரைக்கும் ஓடும், வியாழக்கிழமை ட்ரெயினிங். புது வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும்? இதை எடுத்தால் எதைத் தள்ளிவைக்கலாம்?” இப்படிக் கேட்டால் எதை விடுவது என்ற முடிவு அவர் தலைக்குப் போய்விடும். அந்த முடிவை எடுக்கத்தான் அவருக்குச் சம்பளம்.

என் மருமகளுக்கு இது தெரியாது. சிரிப்பு அடங்கியதும் லீட் ஒரு வேலையைக் கொடுத்தார். “இது லோ ஹேங்கிங் ஃப்ரூட்மா, ரெண்டு மணி நேரத்துல முடிச்சிரலாம்.” அதாவது கைக்கெட்டும் உயரத்தில் தொங்கும் பழம், பறிக்க வேண்டியதுதான் பாக்கி. அடுத்தவர் பறிக்கும்போது எல்லாப் பழமும் தாழத்தான் தொங்கும் என்பது என் அனுபவம்.

வேலை இதுதான்: கம்பெனிக்குச் சரக்கு கொடுக்கும் வெண்டர்கள் பட்டியல், 1400 வரி. ஒரே வெண்டர் இரண்டு மூன்று பெயரில் ஏறியிருந்தால் ஒன்றாக்க வேண்டும். எக்செலில் டூப்ளிகேட்டை நீக்கும் பட்டனைத் தட்டினால் போதும் என்று லீட் நினைத்திருக்கிறார். பட்டன் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பதைத்தான் பிடிக்கும். ஒரு கடை ‘அன் கோ’ என்று ஒரு வரியிலும் ‘அண்ட் கம்பெனி’ என்று இன்னொன்றிலும் இருந்தால் அதற்கு இரண்டும் வேறு வேறு கடை.

அப்போது பெயரை விட்டுவிட்டு ஜிஎஸ்டி எண்ணைப் பார்க்க வேண்டும். அதில் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. மூன்றாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை பான் எண். அந்தப் பத்தும் ஒன்றாக இருந்தால் முதலாளி ஒருவர்தான். ஆனாலும் உடனே சேர்த்துவிட முடியாது. ஒரே பானுக்கு மாநிலத்துக்கு ஒரு பதிவு இருக்கும், சில சமயம் ஒரே மாநிலத்திலேயே இரண்டு இருக்கும். அதைச் சேர்த்தால் ஜிஎஸ்டி கணக்கு குழம்பும். எண் முழுக்க ஒன்றாக இருந்தாலும், இரண்டு வரியிலும் பேங்க் கணக்கு வேறாக இருந்தால் எது சரி என்று அக்கவுண்ட்ஸைக் கேட்காமல் தொடக் கூடாது. பணம் தப்பான கணக்குக்குப் போனால் யார் பதில் சொல்வது? நீக்கப்போகும் வெண்டர் நம்பரில் பாக்கி இன்வாய்ஸ் நின்றால் அதையும் முதலில் முடிக்க வேண்டும்.

அவள் பிரித்துப் பார்த்ததில் சந்தேகமான வரிகள் 300 வந்தன. வரிக்கு 5 நிமிஷம் வைத்தாலும் 1500 நிமிஷம், அதாவது 25 மணி நேரம். நாளைக்கு எட்டு மணி நேரம் இதை மட்டுமே பார்த்தாலும் மூன்று நாள் தாண்டும். ரெண்டு மணி நேரமாம்.

இதை வேலையை வாங்கும்போதே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. முன்னாடி யார் செய்தார்கள், எத்தனை நாள் ஆனது, முடிந்ததும் யார் ஓகே சொல்வார்கள் என்று கேட்க வேண்டும். யாரும் செய்ததில்லை என்றால், “முதலில் 20 வரி செய்து பார்த்துவிட்டு நேரம் சொல்கிறேன்” என்று சொல்ல வேண்டும். அந்த 20-ஐ கடிகாரம் பார்த்துச் செய்ய வேண்டும், வரிசையாக மேலிருந்து எடுக்காமல் அங்கங்கே பொறுக்கி எடுக்க வேண்டும். மேலே இருப்பதெல்லாம் பெரும்பாலும் சுத்தமாகத்தான் இருக்கும்.

அடுத்தது சர்க்கிள் பேக், அதாவது போய்விட்டு மறுபடி வந்து சொல்கிறேன் என்பது. பேங்க் கணக்கு விஷயத்தை லீடிடம் கேட்டாள். “அக்கவுண்ட்ஸ்கிட்ட பேசிட்டு சர்க்கிள் பேக் பண்றேன்மா” என்றார். அவரே சொல்வார் என்று பிள்ளை காத்திருந்தாள். வெள்ளிக்கிழமை ரிவ்யூவில் “இது இன்னுமா முடியல?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். சொன்னது அவருக்கு நினைவே இல்லை. கெட்ட மனுஷன் என்று சொல்லமாட்டேன், அன்றைக்கு அவர் அதே வார்த்தையை எத்தனை பேரிடம் சொன்னாரோ.

தேதி சேர்ந்து வராத சர்க்கிள் பேக்குக்கு ‘இப்போது இல்லை’ என்றுதான் அர்த்தம். வெளியாட்களிடம் சொன்னால் அது பெரும்பாலும் ‘முடியாது’தான். ஆனால் ஒரு மெயில் அதே வார்த்தையோடு ஆரம்பித்தால் விஷயம் தலைகீழ்: நீ பதில் பாக்கி வைத்திருக்கிறாய் என்று நினைவூட்டுகிறார்கள், அன்றைக்கே பதில் போட வேண்டும். லீட் வாயால் சொன்னால் அவருக்கு உடனே சாட்டில் எழுதிவிட வேண்டும்: “சரி சார். பேங்க் கணக்கு தெரியும்வரை இந்த வரிகள் நிற்கும். வியாழன் 11 மணிக்கு நானே கேட்கிறேன்.” ஆளும் தேதியும் வந்துவிட்டது பாருங்கள். வெள்ளிக்கிழமை யாராவது கேட்டால் அந்த வரியைக் காட்டலாம்.

இங்கே ஒருவர் வருவார், எனக்குத் தெரியும். “எல்லாத் தொழிலுக்கும் தனி பாஷை உண்டு சார், உங்க செட்டிநாட்டுக் கடைகளில் இல்லையா?” இருந்தது. நிறையவே இருந்தது. எங்கள் ஐயா பர்மாவில் ஒரு வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாகப் போனவர். தரையில் சின்ன மரப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கணக்கெழுதுகிறவர்களுக்கு எடுபிடி. அடுத்த படியான அடுத்தாள் ஆக வேண்டுமானால் அந்த பாஷை முழுக்கத் தெரிய வேண்டும். பேரேடு, ஐந்தொகை, பணம் அனுப்பும் உண்டியல், நடப்பு வட்டி. ஆனால் நடப்பு வட்டி என்றால் கடைக்காரர்கள் மாதாமாதம் கோவிலில் கூடி முடிவு செய்த ஒரு எண், ஆளுக்கு ஒன்று கிடையாது. ஐந்தொகை என்றால் பற்றும் வரவும் நேராக வேண்டும், அவ்வளவுதான். வெளிநாட்டுக் கடைக்கு ஏஜெண்டாகப் போகிறவருக்கு என்ன சம்பளம், எத்தனை வருஷம் என்று சம்பளச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். “ஐந்தொகையை சர்க்கிள் பேக் பண்றேன்” என்று முதலாளியிடம் சொல்லியிருந்தால் அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பியிருப்பார்கள்.

இன்னொன்றும் ஐயா சொல்வார். தப்பாகச் சொன்னால் திட்டுவார்களாம், சமயத்தில் தலையில் ஒரு குட்டும் விழுமாம். ஆனால் மூத்தவர் பக்கத்தில் உட்காரவைத்து மறுபடி எழுதச் சொல்வாராம். பையன் சொன்ன தப்பை ஊருக்கு எழுதிப்போட்டுச் சிரித்ததாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

“கூகுளில் தேடியிருக்கலாமே” என்று கேட்டவருக்கு: மீட்டிங்கில் பத்துப் பேர் முகம் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் தேடுவீர்களா? “அப்ப எல்லாத்தையும் தூய தமிழில் பேசணுமா” என்றவருக்குப் பதில் சொல்லப் போவதில்லை, நான் அப்படி எங்கேயும் எழுதவில்லை. “சின்ன ஜோக்குக்கு இவ்வளவு சீரியஸா” என்பவர்களுக்கு: உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் தெரியும். அக்கா நேற்று போனில் கேட்டாள், “தம்பி, அவளுக்கு இங்கிலீஷ் பத்தலையோ?” கல்லூரியில் முழுக்க இங்கிலீஷில் பரீட்சை எழுதித் தேறின பிள்ளை அது. சென்னையில் வளர்ந்த பிள்ளை அதே பதிலைச் சொல்லியிருந்தால் ‘செம டைமிங்’ என்று கைதட்டியிருப்பீர்கள். காரைக்குடி என்றால் வீடு பார்க்கவும் சாப்பிடவும் வருவீர்கள், இங்கிருந்து ஒரு பிள்ளை உங்கள் மீட்டிங்குக்கு வந்தால் மட்டும் சிரிப்பு வருகிறது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். அவள் இப்போது 300 வரியையும் மூன்றாகப் பிரித்து, எது யாரிடம் நிற்கிறது என்று ஒரு பத்தி சேர்த்து லீடுக்கு அனுப்பியிருக்கிறாள். மனுஷன் உடனே அக்கவுண்ட்ஸ் ஆளையும் சேர்த்துப் பதில் போட்டிருக்கிறார், அந்த நியாயத்தையும் சொல்லத்தானே வேண்டும். கடைசியில் மட்டும் ‘ஈஓடிக்குள் முடிக்கவும்’ என்று ஒரு வரி. நாள் முடிவதற்குள் என்று அர்த்தம். “மாமா, இது நம்ம நாளா, க்ளையண்ட் நாளா?” என்று எனக்கு மெசேஜ் வந்தது. க்ளையண்ட் இருக்கும் நியூயார்க்கில் சாயங்காலம் 5 மணி என்றால், அங்கே கோடைக்காலத்தில் நமக்கு மறுநாள் விடிகாலை 2:30, குளிர்காலத்தில் 3:30. சும்மா கேட்கவில்லை பிள்ளை.

கமெண்டில் அவளுக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுக்க வருகிறவர்கள், உங்கள் ஆபீஸ் ஈஓடி எந்த ஊர் மணிக்கு என்று உங்கள் லீடிடம் கேட்டுவிட்டு வாருங்கள். அப்புறம் பேசலாம்.