ஓவர்டைம் விதியில் இருக்கும் ஒரு வரி

கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம், கஞ்சிக்கோட்டில் ஒரு பிளாஸ்டிக் ஃபிலிம் கம்பெனியின் டைம் ஆபீஸில் இருக்கிறேன். வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, வாளையார் பக்கத்திலிருந்து வரும், தமிழ் பேசும் நம்ம ஆட்கள் ஷிப்டுக்கு நிறையப் பேர். எல்லாருக்கும் மணிக்கணக்குக் கூலிதான். மாதச் சம்பளக்காரர்களுக்கு எழுதிய விதியை அப்படியே இவர்களுக்கும் போட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது முன்பு நான் வேலை பார்த்த வேறொரு கம்பெனியில், 2023இல் நடந்தது. மதியம் இரண்டு மணி ஷிப்ட். சாப்பாட்டுக்கு அரைமணி போக எட்டு மணி நேர வேலை, இரவு பத்தரைக்கு முடிய வேண்டும். பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடர் மிஷினை ஓட்டும் ஒரு அண்ணனுக்கு, அடுத்த ஷிப்டில் மாற்றிவிட வேண்டிய ரிலீவர் அன்றைக்கு நேரத்துக்கு வரவில்லை. சூப்பர்வைசருக்கு நாலு தடவை போன் அடித்தும் எடுக்கவில்லை. அந்த மிஷினை சுவிட்சை அணைத்துவிட்டு அப்படியே விட்டுப் போக முடியாது. ஹீட்டர் சூட்டில் பேரலுக்குள் நிற்கும் மால் கருகும், ஆறினால் இறுகும். மறுநாள் ஸ்க்ரூவைக் கழற்றிச் சுத்தம் செய்யவே ஒரு ஷிப்ட் போய்விடும். அதனால் அவர் நின்று ஓட்டினார். ரிலீவர் பன்னிரண்டரைக்கு வந்தார். அண்ணன் பஞ்ச் பண்ணிவிட்டு, பஸ் இல்லாததால் ஒரு லாரியில் ஏறி வீடு போய்ச் சேர்ந்தார்.

மாதக் கடைசியில் கூலிச் சீட்டில் அந்த இரண்டு மணி நேரம் இல்லை. கம்பெனி விதியில் இப்படி ஒரு வரி இருந்தது: "முன் அனுமதி பெறாத ஓவர்டைமுக்குக் கூலி வழங்கப்படமாட்டாது." அதை அவருக்கு வாசித்துக் காட்டும் வேலை எனக்கு வந்தது. அவர் சத்தம் போடவில்லை. "தம்பி, அப்ப மிஷினை நிறுத்திட்டுப் போயிருக்கோணுமாங்க?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்த வரிதான் தப்பு. அன்றைக்கு நடைமுறையில் இருந்த 1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். ஒரு தொழிலாளி ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் அல்லது ஒரு வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால், அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்றது. வேலை செய்தாரா என்பதுதான் அங்கே கேள்வி. யாரிடம் கையெழுத்து வாங்கினார் என்ற கேள்வியே இல்லை. அனுமதி என்பது நிர்வாகம் தன் செலவைக் கட்டுப்படுத்த வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. அது வேண்டும்தான், நான் மறுக்கவில்லை. அனுமதி இல்லாமல் தினமும் அரைமணி அதிகமாக நின்று கணக்கு ஏற்றுகிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் மெமோ கொடுக்கலாம், விசாரணை வைக்கலாம். வேலையை வாங்கிக்கொண்டு கூலியைப் பிடித்து வைக்க முடியாது. ஒழுங்கு நடவடிக்கையையும் கூலிக் கணக்கையும் ஒரே வாக்கியத்தில் கட்டி வைத்ததுதான் கோளாறு.

அவர் கணக்கையே போட்டுப் பார்ப்போம். மணிக்கு 80 ரூபாய். அந்த வாரம் ஆறு நாளும் வந்திருந்தார். ஆறு எட்டு நாற்பத்தெட்டு, இந்த இரண்டையும் சேர்த்து 50 மணி நேரம். 48க்கு மேல் இரண்டு. மணிக்கு 160 வீதம் 320 ரூபாய் அவருக்கு வர வேண்டியது. சரி, அதே வாரத்தில் அவர் ஒரு நாள் வராமல் இருந்திருந்தால்? வாரக் கணக்கு 42தான் வரும், 48ஐத் தொடாது. ஆனாலும் அன்றைக்கு ஒரே நாளில் பத்து மணி நேரம் வேலை செய்திருக்கிறார், ஒன்பதுக்கு மேல் ஒன்று. அந்த ஒரு மணிக்கு 160, மற்ற ஒரு மணிக்குச் சாதாரணக் கூலி 80. "வாரம் 48க்கு மேல் போனால்தான் ஓவர்டைம்" என்று எழுதி வைத்திருக்கும் இடங்களில் இந்த ஒரு மணியின் இரட்டைக் கூலி சத்தமில்லாமல் போய்விடும். நாள் கணக்கு, வாரக் கணக்கு இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

எதை இரட்டிப்பது என்பதிலும் ஒரு ஓட்டை உண்டு. அந்த 80 ரூபாயில் அடிப்படை 55, பஞ்சப்படி 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் அடிப்படையை மட்டும் இரட்டித்து 110 கொடுப்பார்கள். 1948 சட்டம் சொன்ன சாதாரணக் கூலி என்பது அடிப்படையும் படிகளும் சேர்ந்தது. போனஸும் ஓவர்டைம் கூலியும்தான் அதில் சேரவில்லை.

இனி காம்ப் ஆஃப், அதாவது ஓவர்டைமுக்குக் காசுக்குப் பதில் விடுமுறை கொடுப்பது. என் கோபம் அதிகமாக இருப்பது இங்கேதான்.

அந்த அண்ணன் விஷயம் மேலே போனதும் சூப்பர்வைசர் சமாதானமாகச் சொன்னார்: "எட்டு மணி சேரட்டும், ஒரு நாள் ஆஃப் எடுத்துக்கச் சொல்லு." அதற்கென்று ஒரு நோட்டும் இருந்தது. மாதச் சம்பளம் வாங்குகிற எனக்கு ஒரு நாள் ஆஃப் என்றால் வீட்டில் இருந்தாலும் அன்றைய சம்பளம் உண்டு. மணிக்கணக்கில் வாங்குகிறவருக்கு ஆஃப் என்றால் அன்றைக்குக் கூலி இல்லை. எட்டு மணி ஓவர்டைமுக்கு அவருக்கு 1,280 ரூபாய் வர வேண்டும். அதற்குப் பதில் கூலியோடு ஒரு நாள் ஆஃப் கொடுத்தாலே 640தான், பாதி போயிற்று. கூலி இல்லாத ஆஃப் கொடுத்தால் எட்டு மணி நேரம் சும்மா உழைத்திருக்கிறார், அதுக்கு மேல் ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். இதைச் சலுகை என்ற பேரில் நோட்டில் எழுதி வைத்திருந்தோம். அந்த நோட்டை எழுதிய கைகளில் என் கையும் ஒன்று.

1948 சட்டத்திலும் மாற்று விடுமுறை இருந்தது, ஆனால் அது வேறு காரியத்துக்கு. 53ஆம் பிரிவு. வார விடுமுறையை ஒருவர் இழந்தால், இழந்த நாட்களுக்குச் சமமான நாட்களை அதே மாதத்திலோ அடுத்த இரண்டு மாதத்துக்குள்ளோ கொடுத்துவிட வேண்டும். அது உடம்புக்கான ஓய்வு. இரட்டைக் கூலி உழைப்புக்கான காசு. ஒன்றைக் கொடுத்து மற்றதைக் கழிக்க முடியாது. வாரத்தில் ஆறு நாள் வேலை செய்கிறவரை ஞாயிற்றுக்கிழமையும் எட்டு மணி நேரத்துக்குக் கூப்பிட்டால் வாரத்துக்கு 56 மணி ஆகிறது. எட்டு மணிக்கு இரட்டைக் கூலியும் கொடுக்க வேண்டும், இன்னொரு நாள் ஓய்வும் கொடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையை முறையாக மாற்றிக்கொள்ள 1948 சட்டத்தில் ஒரு வழி இருந்தது. அந்த நாளுக்கு முந்தைய மூன்று நாளிலோ பிந்தைய மூன்று நாளிலோ ஒரு முழு நாள் விடுமுறை கொடுக்க முடிந்தது. ஆனால் ஞாயிறு, மாற்று நாள் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதற்கு முன்பே இன்ஸ்பெக்டர் ஆபீஸுக்கு நோட்டீஸ் போக வேண்டியிருந்தது, ஃபாக்டரியிலும் ஒட்ட வேண்டியிருந்தது. இதை வைத்து முழு நாள் விடுமுறை இல்லாமல் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் வேலை வாங்கவும் கூடாது என்றிருந்தது. ஞாயிறு வேலை முடிந்த பிறகு, செவ்வாய்க்கிழமை ஆர்டர் குறைவாக இருப்பதைப் பார்த்து "இன்னைக்கு உனக்கு ஆஃப்" என்று கேட்டிலிருந்து திருப்பி அனுப்புவது இந்த வழி ஆகாது. நடப்பது பெரும்பாலும் அதுதான்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? காசு மட்டும் காரணமில்லை. 1948 சட்டத்தின் 64ஆம் பிரிவில் வேலை நேர வரம்பிலிருந்து விலக்கு பெற்றவர்களுக்குக்கூட ஓவர்டைம் மூன்று மாதத்துக்கு 50 மணி நேரம் என்று எல்லை இருந்தது. வேலை நெருக்கடி என்று 65ஆம் பிரிவில் தனி உத்தரவு வாங்கினால் 75 வரை. அந்த எல்லையைத் தொட்டதும் மீதி மணிகள் பதிவேட்டுக்குப் போகாமல் காம்ப் ஆஃப் நோட்டுக்குப் போகும். கண்டுபிடிப்பது சுலபம். பஞ்ச் மிஷின் பதிவையும் ஓவர்டைம் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலாண்டின் முதல் இரண்டு மாதம் இரண்டும் ஒத்துப்போகும். மூன்றாவது மாதம் பஞ்ச் நீளமாக இருக்கும், பதிவேடு காலியாக இருக்கும். எல்லையைத் தாண்டியது நிர்வாகத்தின் மீறல். அதற்காகத் தொழிலாளியின் கூலி அழிந்துவிடாது.

புதிய சட்டத் தொகுப்பு வந்துவிட்டதே என்று சிலர் கேட்கிறார்கள். தொழில்பாதுகாப்பு, ஆரோக்கியம், பணிச்சூழல் பற்றிய அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் 1948 சட்டத்தின் இடத்தில் நடைமுறைக்கு வந்தது. அதிலும் ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலிதான். இழந்த வார விடுமுறையை அதே மாதத்தில் அல்லது அடுத்த இரண்டு மாதத்துக்குள் கொடுப்பதும் அப்படியே இருக்கிறது. கூடுதலாக 27ஆம் பிரிவில் ஒன்று சேர்ந்திருக்கிறது: தொழிலாளி சம்மதித்தால்தான் ஓவர்டைம் வாங்கலாம். ஆக, இனி அனுமதிப் படிவத்தில் சூப்பர்வைசர் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டால் போதாது.

இப்போது இருக்கும் கம்பெனியில் விதியைத் திருத்தும் வேலை என்னிடம் வந்தபோது பழைய வரியை எடுத்துவிட்டு இப்படி எழுதினேன்:

"ஓவர்டைமுக்கு ஷிப்ட் சூப்பர்வைசரின் முன் அனுமதியும் தொழிலாளியின் சம்மதமும் வேண்டும். அனுமதி போனிலும் பெறலாம். ரிலீவர் வராமலும் சூப்பர்வைசரைத் தொடர்புகொள்ள முடியாமலும் மிஷினை விட்டுப் போக முடியாத நிலை வந்தால், தொழிலாளி வேலையைத் தொடர்ந்து, காரணத்தையும் நேரத்தையும் ஷிப்ட் நோட்டில் எழுத வேண்டும். அனுமதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், செய்த கூடுதல் வேலைக்குரிய கூலி அந்த மாதக் கணக்கிலேயே வழங்கப்படும். அனுமதி பெறாதது குறித்த நடவடிக்கை தனி. அது கூலியைப் பாதிக்காது. மாற்று விடுமுறை, இழந்த வார விடுமுறைக்கு மட்டுமே. அது ஓவர்டைம் கூலிக்குப் பதிலாகாது."

இதில் மேனேஜர் ஒரே ஒரு இடத்தில் தயங்கினார், "அனுமதி இருந்தாலும் இல்லாவிட்டாலும்" என்ற இடத்தில். அதை எடுத்துவிட்டால் மீதி எல்லாம் அலங்காரம்தான் என்று சொல்லி, பழைய அண்ணனின் கதையைச் சொன்னேன். ஒரு பேரல் இறுகினால் என்ன செலவு என்று அவருக்கே தெரியும். ஒத்துக்கொண்டார்.

நோட்டீஸ் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் தயாரானது. 1948 சட்டப்படி ஒட்ட வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருந்தால் போதும் என்றிருந்தது, இங்கே பெரும்பான்மை மலையாளம். ஆனால் எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. நானே தமிழில் எழுதி பஞ்ச் மிஷின் பக்கத்தில் ஒட்டினேன்.

முதல் நாளே பேக்கிங்கில் இருக்கும் ஒரு அக்கா நின்று முழுக்க வாசித்தார். வாசித்துவிட்டு என் ஜன்னலுக்கு வந்து, "எல்லாஞ் சரிங்க தம்பி, அந்த மாற்று லீவு அன்னைக்குக் கூலி உண்டாங்களா இல்லீங்களா, அது எங்கியும் எழுதலயே" என்றார். எழுதத்தான் இல்லை. பழைய சட்டத்தின் 53ஆம் பிரிவும் அதைச் சொல்லவில்லை, ஓய்வு நாளைக் கொடு என்பதோடு நிறுத்திக்கொண்டது. கூலி உண்டா என்பது கம்பெனி எழுதி முடிவுசெய்ய வேண்டியது. அந்த வாரமே மேனேஜரிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, முன்கூட்டித் தேதி சொல்லாமல் திடீரென்று ஆஃப் கொடுத்தால் அன்றைக்கு முழுக் கூலி என்று ஒரு வரி சேர்ந்தது. எல்லா மாற்று விடுமுறைக்கும் கூலி கேட்டேன், அது கிடைக்கவில்லை. அடுத்த ஒப்பந்தத்தின்போது மறுபடி கேட்பதாக யூனியன்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.