நிறைய விவரம் சொல்கிறார் என்பதற்காக வீட்டு முகவரியைக் கொடுத்துவிடாதீர்கள்

ஜவுளிக்கடை, கிளினிக், பள்ளிக்கூடம், சின்ன அலுவலகம் என்று எங்கே வேண்டுமானாலும் இந்த போன் வரும்.

"கவிதா அங்கதானே வேலை பாக்குறா? நான் ஊர்லேருந்து அவ பெரியப்பா பேசுறேன்மா. அவ அம்மாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். கவிதா போனே எடுக்க மாட்டேங்குறா. வீடு எங்கேன்னு சொன்னீங்கன்னா பையனை அனுப்பிக் கூட்டிட்டு வரச் சொல்லிடுவேன்."

கவுண்டரில் போன் எடுத்த பெண்ணுக்கு மனசு பதறும். ஆனாலும் ஒரு எச்சரிக்கைக்கு இரண்டு கேள்வி கேட்பார். இன்ஷியல், சொந்த ஊர், தங்கை படிக்கும் கல்லூரி என்று போனில் இருப்பவர் எல்லாவற்றையும் தடுமாறாமல் சொல்வார். அப்புறம் என்ன, சொந்தக்காரர்தானே என்று முகவரி கைமாறிவிடும்.

தப்பு நடப்பது இந்த இடத்தில்தான். 'விவரம் சரியாகச் சொல்கிறாரா' என்ற சோதனையே தலைகீழானது. ஒருவர் வேலை பார்க்கும் இடத்துக்கு போன் போட்டு அவர் வீட்டைத் தேடுகிறவர் பெரும்பாலும் யார் என்று யோசித்துப் பாருங்கள். பிரிந்து போன கணவர், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டதை ஏற்காத குடும்பம், வேண்டாம் என்று சொன்ன பிறகும் பின்தொடரும் பழைய காதலர், தவணைப் பணம் கேட்டு மிரட்டுகிறவர். முதல் மூவருக்கும் பிறந்த தேதி தெரியும், அம்மா பெயர் தெரியும், என்ன கலர் சுடிதார் பிடிக்கும் என்பது வரைக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரியாத ஒன்றே ஒன்று இப்போதைய வீடு. அதைத் தெரியக் கூடாது என்று அந்தப் பெண் வேண்டுமென்றேதான் மறைத்திருக்கிறார். நீங்கள் எத்தனை கேள்வி கேட்டாலும் மிக ஆபத்தான ஆள்தான் அத்தனையிலும் பாஸாவார்.

சொல்லப்படும் காரணத்தையும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். நிஜமான பெரியப்பாவுக்கு வீடு தெரியவில்லை என்றால், வீட்டார் அதை அவருக்குச் சொல்லவில்லை என்று அர்த்தம். கூரியர் என்பவர் கையில் பார்சல் இருக்கும். அதன்மேல் முகவரியோ பெறுபவரின் கைப்பேசி எண்ணோ இருக்கும், கடைக்கு போன் செய்து வீட்டைக் கேட்கத் தேவை இல்லை. கடன் வசூல் என்றால் அது கடன் வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும் இடையே உள்ள விஷயம், முதலாளிக்கு அதில் வேலை இல்லை. ட்ரூகாலரில் மருத்துவமனை பெயரோ காவல் நிலையம் பெயரோ தெரிந்தாலும் அது அடையாளம் ஆகாது.

போலீஸ் என்று சொன்னால்தான் பலருக்கும் கை நடுங்கிவிடுகிறது. பெயர், பதவி, எந்த நிலையம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் தரும் எண்ணுக்கு அல்ல, அந்த நிலையத்தின் எண்ணை நீங்களே தேடி எடுத்துத் திரும்ப அழையுங்கள். விசாரணைக்கு ஆவணம் வேண்டுமென்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94-ஆம் பிரிவின்படி நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்து மூலமாகவே கேட்க வழி இருக்கிறது. "எழுத்துல கொடுங்க சார், உடனே ஒத்துழைக்கிறோம்" என்பது மரியாதைக் குறைவு இல்லை.

முழு முகவரியைச் சொல்லாவிட்டாலும் விஷயம் வெளியே போகும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. "வளசரவாக்கத்துலதானே இருக்கா?" என்று ஒரு ஊரை வேண்டுமென்றே தப்பாகப் போடுவார்கள். "இல்லைங்க, அவங்க போரூருக்கு மாறிட்டாங்களே" என்று திருத்துவது நம் வாயின் பழக்கம். அடுத்த நாள் வேறு குரலில் இன்னொரு போன்: "இன்னைக்கு கவிதா மேடம் எத்தனை மணி வரைக்கும் இருப்பாங்க?" ஒன்பது மணி ஷிப்ட் என்று பதில் வரும். ஊர் ஒருவரிடமிருந்தும் நேரம் இன்னொருவரிடமிருந்தும் கிடைத்தால், எந்த பஸ் ஸ்டாப்பில் நிற்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். அதனால் ஏரியா, ஷிப்ட், வாரவிடுமுறை, "இன்னைக்கு லீவு", ஏன், "அப்படி யாரும் இங்கே இல்லை" என்ற பொய்கூட வேண்டாம். இல்லை என்று ஒருவருக்கும், சொல்ல முடியாது என்று இன்னொருவருக்கும் பதில் போனால், இரண்டாவது பதிலே 'இருக்கிறார்' என்று காட்டிக்கொடுத்துவிடும். யாரைக் கேட்டாலும், அவர் அங்கே வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும், ஒரே வாக்கியம் போதும்:

"வேலை பாக்குறவங்க விவரம் எதுவும் போன்ல சொல்றதில்லைங்க. உங்க பேர், நம்பர், என்ன விஷயம்னு சொல்லுங்க. அப்படி ஒருத்தர் இருந்தா தகவல் போய்ச் சேரும்."

இந்த வாக்கியத்தை அச்சடித்து போன் பக்கத்தில் ஒட்டி வைப்பது முதலாளியின் வேலை. எதிரே இருப்பவர் அழுவார், திட்டுவார், "ஏதாவது ஆச்சுன்னா நீதான் பொறுப்பு" என்பார். இருபது வயதுப் பெண் ஒருத்தி அதைத் தன் சொந்த முடிவாகத் தாங்கி நிற்க முடியாது. "முதலாளி உத்தரவுங்க" என்று காட்ட ஒரு தாள் இருந்தால் தாங்கலாம்.

நிஜமாகவே அவசரமாக இருந்தால்? சொன்ன ஆஸ்பத்திரி எது, எந்த வார்டு, அழைத்தவர் எண் என்ன என்று வாங்கிக்கொண்டு, அந்த நிமிடமே கவிதாவிடம் சொல்லுங்கள். வேலையில் இல்லையென்றால், சேரும்போது அவர் கொடுத்த அவசரத் தொடர்பு எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். அம்மாவுக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லை என்றால் ஐந்து நிமிடத்தில் கவிதாவே திரும்ப அழைத்துவிடுவார். யாருக்கும் நஷ்டமில்லை.

போன் வந்ததை அன்றே அவரிடம் சொல்வது முகவரியை மறுப்பதற்குச் சமமான முக்கியம். தேடுகிறவருக்கு வீடு கிடைக்காவிட்டாலும் கடை தெரிந்துவிட்டது. வாசலில் காத்திருந்து பின்தொடர முடியும். கவிதாவுக்குத் தெரிந்தால் வேறு வழியில் போகலாம், துணைக்கு ஆள் சேர்க்கலாம், அவசர உதவி எண் 112 அல்லது பெண்கள் உதவி எண் 181-க்குச் சொல்லலாம். ஆனால் சொல்லும் விதம் இருக்கிறது. "உன்னைத் தேடி யார் யாரோ போன் பண்றாங்க, இதெல்லாம் கடையில வேண்டாம்" என்றால் அடுத்த முறை மிரட்டல் வந்தாலும் அவர் வாய் திறக்க மாட்டார், வேலை போய்விடும் என்ற பயம்தான் மிஞ்சும். தனியாகக் கூப்பிட்டு, "இப்படி ஒரு போன் வந்துச்சும்மா, நாங்க எதுவும் சொல்லலை. உனக்கு இவங்களைத் தெரியுமா?" என்று மட்டும் கேளுங்கள். அவர் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ நீங்களாக போன் போடாதீர்கள். தேடுவது அவர்களாகவே இருக்கலாம்.

ஒரு நோட்டில் தேதி, நேரம், எண், சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி வையுங்கள். குடும்ப வன்முறைச் சட்டம், 2005-இன் 18-ஆம் பிரிவில், கணவர் மனைவியின் வேலையிடத்துக்கு வரவோ அவரைத் தொடர்புகொள்ளவோ கூடாது என்று நீதிமன்றம் தடை விதிக்க முடியும். அப்படித் தடை இருந்து அதை மீறி அவர் முயன்றால் அது குற்றம். அப்போது உங்கள் நோட்டில் இருக்கும் நாலு வரி அந்தப் பெண்ணுக்குச் சாட்சியாக நிற்கும்.

கடைசியாக, முகவரி உங்கள் கடையில் எங்கெங்கே கிடக்கிறது என்று நாளைக்கே பாருங்கள். கவுண்டர் டிராயரில் ஆதார் ஜெராக்ஸ், வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட ஊழியர் பட்டியல், இரவு டிராப் வண்டி ஓட்டுநர் கையில் வீட்டு எண்ணோடு இருக்கும் தாள், கேட்டில் செக்யூரிட்டி வைத்திருக்கும் ரிஜிஸ்டர். போன் எடுப்பவர் கண்ணில் முகவரியே படாமல் இருந்தால் யார் எவ்வளவு அழுதாலும் அவரால் சொல்ல முடியாது. சம்பளம் போடும் ஒருவரிடம் மட்டும் பூட்டி வைத்தால் போதும். ஓட்டுநருக்கு அன்றைய டிராப் மட்டும் தெரிந்து, ஷிப்ட் முடிந்ததும் தாள் திரும்பி வந்துவிட வேண்டும்.