போட்டோவில் பிடிபடாத பரு
"வயசுக்கு வரும் பரு தானாகப் போய்விடும், டாக்டர் தேவையில்லை" என்று பலரும் சொல்வார்கள். மூக்கில் வரும் கரும்புள்ளிக்கு இது சரி, அது அழுக்கும் இல்லை, கிள்ளாமல் விட்டால் தழும்பும் விழாது. மஞ்சள் முனையோடு வரும் சீழ்ப்பருவும் பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் அமுங்கிவிடும். பாளையங்கோட்டையில் என் அக்கா மகனுக்குத் தாடையில் வந்தது வேறு. போட்டோவில் பார்த்தால் லேசான சிவப்பு வீக்கம், அவ்வளவுதான், முனையே இல்லை. தொட்டால் தோலுக்கு அடியில் புளியங்கொட்டை மாதிரி கெட்டியாக இருந்தது, தலையணையில் பட்டாலே வலி. ஒரு மாதமாகியும் கரையவில்லை. அவன் பிதுக்கியதில் சீழ் வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே உடைந்து வீக்கம் பரவியது. தோல் டாக்டரிடம் போவதற்குள் இரண்டு குழி விழுந்துவிட்டது, அதைக் கடையில் வாங்கிய க்ரீம் எதுவும் நிரப்பவில்லை. இப்படி முனையில்லாத வலிக்கிற கட்டி ஒன்றிரண்டு வந்தாலே, குழி விழும்வரை காத்திருக்காமல் காட்டிவிடுங்கள்.