ஓபன் ஃபைலுக்குத் தனி விலை உண்டு

நேற்றைய வாக்குவாதத்தைப் பலரும் படித்திருப்பீர்கள் என்பதால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லவில்லை. 24 பக்க விலைப்பட்டியலை வடிவமைத்து அச்சுக்குரிய பிடிஎஃப்பாகக் கொடுத்து, கணக்கும் முடிந்து மூன்று வாரம் கழித்து, திருத்தக்கூடிய மூலக் கோப்பான ஓபன் ஃபைலைக் கேட்ட வாடிக்கையாளரிடம், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு என்றேன். "கோப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு பணம் பறிக்கிறார்" என்று அவர் எழுதிவிட்டார். பறிப்பு என்ற அந்தச் சொல் இன்னும் உறுத்துகிறது.

அவர் விலை கொடுத்தது முடிந்த பட்டியலுக்கு. திருத்தக்கூடிய கோப்பு வேறொரு பொருள்.

எல்லாவற்றுக்கும் இப்படிக் கேட்பதில்லை. லோகோ என்றால் வெக்டர் கோப்பைச் சேர்த்தே கொடுக்கிறேன். அது இல்லாமல் பெயர்ப்பலகையைக்கூடச் சரியாக அடிப்பது கடினம். வாடிக்கையாளரே நிரப்பவேண்டிய படிவமும் அப்படியே. பல பக்கப் பட்டியல் அப்படியன்று; பிடிஎஃப் கையிலிருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் அச்சிடலாம். ஓபன் ஃபைல் தேவைப்படுவது விலையை மாற்றத்தான்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வடிவமைப்புக் கட்டணம் 100 என்றால், விலை மாற்றும் வேலைக்கு ஒரு தடவைக்கு 10 வாங்குகிறேன். ஆண்டுக்கு இரண்டு தடவை மாறும் பட்டியல், இரண்டு ஆண்டு பயன்படும் என்றால் 40. ஓபன் ஃபைலுக்கு நான் சொன்னதும் அந்த 40தான். படங்களைச் சேகரித்து, வேண்டாத லேயர்களை நீக்கி, பிறர் புரிந்துகொள்ளும்படி ஒழுங்குபடுத்த ஆகும் ஒரு நாள் உழைப்பும் அதற்குள் அடக்கம்.

"பணம் கொடுத்த பிறகு எல்லாம் அவருடையதுதானே" என்பீர்கள். ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் அவருடையதுதான்; எழுதவில்லை. மதிப்பீட்டிலேயே இதைத் தனி வரியாகக் குறித்திருக்க வேண்டும் என்பவர்களின் குறையை ஏற்கிறேன். அதற்காகப் பறிப்பவன் ஆகிவிடுவேனா?

ஒருமுறை மனம் இளகி இலவசமாகவே கொடுத்தேன். அவர்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் எழுத்துகளை இளஞ்சிவப்பில் காட்டி எச்சரித்திருக்கும், யாரும் பொருட்படுத்தவில்லை. மாற்று எழுத்துரு அகலமாக இருந்ததால் வரிகள் கீழே தள்ளப்பட்டு, அட்டவணையின் கடைசி இரண்டு வரிகள் எழுத்துச் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டன. சட்டகத்தின் வலது கீழ் மூலையில், உள்ளே அடங்காத எழுத்து இருப்பதைக் காட்டும் ஒரு சிறு சிவப்புக் கூட்டல் குறி மட்டும் நின்றது. இரண்டு பொருள்கள் இல்லாமலே பட்டியல் அச்சாகி வந்தது. தொலைபேசியில் திட்டு வாங்கியவன் நான். நான் தொடாத திருத்தத்துக்கு நான்தான் பொறுப்பாம். அன்று கொடுத்தபோது எவரும் நன்றி சொல்லவில்லை, இன்று விலை சொன்னால் பறிப்பு என்கிறார்கள்.

40 விழுக்காட்டுக்கான மதிப்பீட்டை நேற்றிரவே அவருக்கு அனுப்பிவிட்டேன். எழுத்துருவுக்கும் விலைக்கு வாங்கிய படங்களுக்கும் உரிமம் அவர் பெயரில் தனியாக வாங்கவேண்டும் என்பதையும், கோப்பு கைமாறிய பிறகு செய்யும் திருத்தங்களுக்கு நான் பொறுப்பில்லை என்பதையும் அதில் எழுதியிருக்கிறேன்.