ஒரே ஒரு ஆள்தானே என்று நினைக்கிற கடைக்காரருக்கு

போன கிழமை நண்பன் ஒருவன் போன் எடுத்தான். யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிப் பக்கம் போட்டோக்கொப்பி, பிரிண்ட், லெமினேட்டிங் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறான். இரண்டு வருடமாகத் தானும் மனைவியும்தான் பார்த்தார்கள், இப்போது சமாளிக்க முடியவில்லை, ஒரு பிள்ளையை வேலைக்கு எடுக்கப் போகிறானாம். "தெரிஞ்ச பிள்ளைதான் மச்சான், நாப்பதாயிரம் சொல்லியிருக்கிறன். மூண்டு மாசம் பாத்திட்டு மற்றதெல்லாம் செய்வம்" என்றான். நான் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். அந்த "மற்றதெல்லாம்" என்ற சொல்லை எத்தனையோ கடைக்காரர் வாயில் கேட்டுவிட்டேன், அதுதான் இந்தப் பதிவு.

முதலில் ஈ.பி.எப். என்கிற ஊழியர் சேமலாப நிதி. இந்தியாவில் 20 பேர் வேலை செய்தால்தான் பி.எப். கட்டாயம். அங்கத்தைய யூடியூப் பார்த்துவிட்டு நம்முடைய ஆட்களும் அதையே சொல்லித் திரிகிறார்கள். இலங்கையில் அப்படி இல்லை. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் முதல் ஆளிலிருந்தே பிடிக்கும், அதுவும் முதல் நாளிலிருந்து. பயிற்சிக் காலம், தகுதிகாண் காலம், பகுதி நேரம், நாட்சம்பளம் எதற்கும் விலக்கு இல்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டுப் பதிகிறேன் என்றால் அந்த மூன்று மாதமும் நிலுவைதான். ஆளை எடுத்து 14 நாளுக்குள் பக்கத்துத் தொழில் அலுவலகத்தில் உங்களைத் தொழில் தருநராகப் பதிய வேண்டும்.

நண்பன் சொன்ன 40,000ஐ வைத்தே கணக்குப் பார்ப்போம். அந்தப் பிள்ளையின் சம்பளத்தில் 8 வீதம், அதாவது 3,200 கழிக்க வேண்டும். உங்கள் பக்கத்தால் 12 வீதம், 4,800. இரண்டும் சேர்ந்து 8,000 ஒவ்வொரு மாதமும் அந்தப் பிள்ளையின் பேரில் ஈ.பி.எப்.புக்குப் போக வேண்டும். அதற்கு மேல் ஈ.ரி.எப். என்கிற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், 1,200. இது முழுக்க உங்கள் காசு, அவளிடம் ஒரு சதம்கூடக் கழிக்கக் கூடாது. ஆக உங்களுக்குச் செலவு 46,000, அவள் கைக்குப் போவது 36,800. ஒரு மாதத்துக்கு உரியதை அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டிவிட வேண்டும்.

கட்டாவிட்டால்? மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறி, ஒரு வருடம் தாண்டினால் 50 வீதத்தில் நிற்கும். அந்த 8,000, 12,000 ஆகும். இதில் இன்னொரு அடியும் இருக்கிறது. அவளுடைய 8 வீதத்தை அந்தந்த மாதச் சம்பளத்திலேயே கழிக்காமல் விட்டால், பிறகு "அப்ப கழிக்கேல்ல, இப்ப தாரும்" என்று அவளிடம் கேட்க முடியாது. அவள் பங்கும் உங்கள் தலையில்தான்.

யாருக்குத் தெரியப் போகிறது என்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன் நான் பார்த்த கதையைச் சொல்கிறேன். ஒரு கடையில் நாலு வருடம் வேலை செய்த பிள்ளை கல்யாணம் முடித்து நின்றுவிட்டாள். கல்யாணத்துக்காக வேலையை விடுகிற பெண்கள் ஈ.பி.எப். காசை எடுக்கலாம், அதற்காகத் தொழில் அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே அவள் பேரில் எதுவுமே இல்லை. முறைப்பாடு செய்யும் எண்ணமே அவளுக்கு இருக்கவில்லை, உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான். முதலாளி ஒரு கடதாசியோடு என்னிடம் ஓடி வந்தார், "எனக்கு ஈ.பி.எப். வேண்டாம்" என்று அவள் கையெழுத்து வைத்துக் கொடுத்தது. அந்தக் கடதாசிக்கு ஒரு பெறுமதியும் இல்லை. சட்டம் கொடுத்ததை ஊழியர் எழுதிக் கொடுத்து விட முடியாது. நாலு வருடத்துச் சம்பளக் கொப்பியை நானும் அவரும் இருந்து கூட்டினோம். நல்ல மனிதர்தான், அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து மிச்சத்தை "அலவன்ஸ்" என்று எழுதினால் ஈ.பி.எப். குறையும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வாழ்க்கைச் செலவுப் படி, லீவு நாள் சம்பளம் எல்லாம் கணக்கில் வரும். மத்தியானச் சாப்பாடு நீங்கள் கொடுத்தால் அதன் பெறுமதியும் வரும், இது நிறையப் பேருக்குத் தெரியாது. ஓ.ரி. காசு சேராது. சம்பளம் எப்படி எழுதினாலும் தேசிய குறைந்தபட்ச வேதனத்துக்குக் கீழே போக முடியாது, 2026 ஜனவரி முதல் அது மாதம் 30,000.

அப்புறம் நேரம். இதை நண்பனுக்குச் சொன்னபோதுதான் அவன் உண்மையில் பேச்சு மூச்சில்லாமல் இருந்தான். அவனுடைய கடை காலை 8 முதல் மாலை 7 வரை, கிழமையில் ஆறு நாள். சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் போனாலும் நாளுக்குப் பத்து, கிழமைக்கு 60 மணித்தியாலம். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் நாளுக்கு 8, கிழமைக்கு 45தான். ஓ.ரி. கிழமைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் கூடாது, அதற்கும் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். எல்லாம் கூட்டினாலும் 57. அதாவது அவன் ஓ.ரி. காசை ஒழுங்காகக் கொடுத்தாலும் 60 மணித்தியாலம் சட்டத்துக்கு வெளியேதான். கிழமைக்கு ஒன்றரை நாள் சம்பளத்தோடு விடுமுறையும் உண்டு. ஐந்து நாள் எட்டு மணித்தியாலம், ஆறாவது நாள் ஐந்து மணித்தியாலம், 45 சரியாக வந்துவிடும். கடையைப் பூட்டச் சொல்லவில்லை. அவள் காலை 9க்கு வந்து மாலை 6க்குப் போகட்டும், திறப்பதும் பூட்டுவதும் நீங்கள் பாருங்கள்.

நியமனக் கடிதம் என்றால் பெரிய கொம்பனிக் காரியம் என்று நினைப்பார்கள். ஒரு பக்கம் போதும். பேர், பதவி, தொடங்கும் திகதி, சம்பளம், எப்போது கொடுப்பீர்கள், தகுதிகாண் காலம், வேலை நேரம், லீவு, ஓ.ரி. வீதம், விலகுவதற்கு எவ்வளவு முன்னறிவித்தல். வேலை தொடங்கும் நாளிலேயே கையில் கொடுக்க வேண்டும், கொப்பி ஒன்றில் அவள் கையெழுத்தோடு நீங்கள் வைத்திருக்க வேண்டும். வயதுக்கு அடையாள அட்டையைப் பாருங்கள், 16க்குக் கீழே என்றால் பேச்சே இல்லை. ஓ.எல். எழுதிவிட்டு நிற்கிற பிள்ளைகளை எடுக்கும்போது இதில் கவனம்.

15 பேருக்குக் குறைவாக இருந்தால் நினைத்தவுடன் நிறுத்தலாம் என்பதும் பாதி உண்மைதான். அந்த 15 என்ற எண் 1971ஆம் ஆண்டு வேலை முடிவுறுத்தல் சட்டத்துக்கு உரியது. ஒரே ஒரு ஆள் வேலை செய்கிற கடையிலிருந்து நிறுத்தப்பட்டவரும் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய மன்றத்துக்குப் போகலாம். ஏன் நிறுத்தினேன் என்று காட்ட அப்போது உங்களிடம் எழுத்தில் ஏதாவது இருக்க வேண்டும்.

கடைசியில் நண்பன் கேட்டது இதுதான்: "என்னால மொத்தமா நாப்பதுதான் ஏலும், என்ன செய்ய?" 40,000ஐ 1.15ஆல் பிரித்தால் சம்பளம் சுமார் 34,780. அதில் அவள் பங்கு போனால் கைக்கு 32,000. குறைந்தபட்ச வேதனத்துக்கு மேலேதான் நிற்கிறது, சட்டத்தில் பிழை இல்லை. ஆனால் அவளுக்கு நாற்பது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய், கைக்கு எவ்வளவு வரும், அவள் பேரில் எவ்வளவு போகும் என்று தாயையும் வைத்துக்கொண்டு விளங்கப்படுத்தியிருக்கிறான். யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம்.