குறை சொன்னாலே புரொஜெக்‌ஷன் ஆகிவிடாது

“உங்களை யார் குறை சொன்னாலும் அது அவங்ககிட்ட இருக்கிற குறைதான். மனோதத்துவத்துல இதுக்குப் பேர் புரொஜெக்‌ஷன்.”

இப்படி ஒரு ஃபார்வேர்ட் சுற்றுகிறது. இது தவறு. தன்னிடம் இருப்பதாக ஒப்புக்கொள்ள முடியாத எண்ணத்தை, தன்னையறியாமல் அடுத்தவர்மேல் ஏற்றிப் பார்ப்பதுதான் புரொஜெக்‌ஷன். சீட்டுப் பணத்தை வீட்டுக்குத் தெரியாமல் செலவழித்த கணவர், கணக்கு நோட்டை ஒழுங்காக எழுதும் மனைவியிடம் “நீ எதையோ மறைக்கிறே” என்று சீறுவது அந்த வகையில் வரலாம். அதே மனைவி “இந்தத் தடவையும் கரண்ட் பில்லை லேட்டாத்தான் கட்டினீங்க” என்றால் அது தகவல். ரசீதில் தேதி இருக்கிறது. மேலாளரிடம் திட்டு வாங்கிவந்து பிள்ளையின் வீட்டுப்பாடத்தில் எரிந்து விழுவதும் புரொஜெக்‌ஷன் அல்ல, இடமாற்றம், அதாவது displacement: கோபம் அவருடையதுதான், வாங்குகிற ஆள் மாறிவிட்டது.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் dictionary.apa.org அகராதியில் projection, displacement இரண்டையும் தேடிப் பாருங்கள். இந்த ஃபார்வேர்டை இனி அனுப்ப வேண்டாம். நியாயமான புகார் சொல்பவரின் வாயை அடைக்கத்தான் இது உதவுகிறது.